மெனு வராமல் ஃபோர்க்கைத் தொடாதீர்கள்

டிசம்பர் நெருங்கினால் குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பழைய பங்களாக்களில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துகள் வரிசையாக வரும். விருந்துப் பரிமாறலும், பரிமாறும் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். பல வீடுகளில் நான் பார்ப்பது இதுதான்: போனில் ஒரு படத்தைப் பார்த்து, அலமாரியில் இருக்கும் ஸ்பூன், ஃபோர்க் எல்லாவற்றையும் தட்டைச் சுற்றி அடுக்கிவிடுகிறார்கள். அன்றைக்கு சூப்பே கிடையாது, ஆனால் சூப் ஸ்பூன் இருக்கும். விருந்தாளி அதை எடுப்பதா வேண்டாமா என்று பக்கத்து நாற்காலியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தவரை அப்படி நெளிய விடக் கூடாது.

மேஜையில் வைக்கும் ஒவ்வொன்றும் மெனுவில் இருக்கும் ஓர் உணவுக்காக மட்டுமே இருக்க வேண்டும். வெளியே இருப்பதை முதலில் எடு, ஒவ்வொரு உணவுக்கும் உள்பக்கமாக நகர்ந்து வா என்ற வழக்கம் இதை நம்பித்தான் இருக்கிறது. கூடுதலாக ஒன்று நுழைந்தால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே ஒரு படி தவறிப் போகும்.

குன்னூரில் ஒரு வீட்டு விருந்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர். தக்காளி சூப், அடுத்து வஞ்சிரம், பிறகு காய்கறியோடு ரோஸ்ட் சிக்கன், கடைசியில் கேரமல் கஸ்டர்ட், காபி. நான்கு பேர் சைவம். அவர்களுக்கு மீனுக்குப் பதில் பனீர் டிக்கா, சிக்கனுக்குப் பதில் சீஸ் போட்டு பேக் செய்த காய்கறி.

முதலில் இடம். ஓர் ஆளுக்கு 24 அங்குல அகலம் வேண்டும். இதைத்தான் நாங்கள் ஒரு கவர் என்போம். இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேர், இரு முனைகளிலும் ஒவ்வொருவர் என்றால் 10 அடி நீள மேஜை சரியாக இருக்கும். அதைவிடக் குறைந்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்கை இடிக்கும். மேஜை விரிப்பு 12 அங்குலம் தொங்கினால் போதும். 30 அங்குல மேஜைக்கும் 18 அங்குல நாற்காலிக்கும் அது உட்காரும் இடத்தைத் தொட்டு நிற்கும், மடியில் குவியாது.

அடுக்கும்போது உள்ளிருந்து வெளியே வாருங்கள், அதாவது சாப்பிடும் வரிசைக்குத் தலைகீழாக. நடுவில் நாப்கின். அதன் வலப்பக்கம் ரோஸ்ட்டுக்கான பெரிய நைஃப், அதற்கு வெளியே ஃபிஷ் நைஃப், கடைசியாக சூப் ஸ்பூன். நைஃப்களின் வெட்டும் முனை தட்டைப் பார்த்து இருக்கட்டும். இடப்பக்கம் பெரிய ஃபோர்க், அதற்கு வெளியே ஃபிஷ் ஃபோர்க். எல்லாவற்றின் அடியும் மேஜை ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, ஒரே கோட்டில். ஃபோர்க்குகளுக்கு இடப்பக்கம் சைட் பிளேட், அதன் மேல் பட்டர் நைஃப். நாப்கினுக்கு மேலே படுக்கை வசமாக டெசர்ட் ஃபோர்க்கும் ஸ்பூனும்: ஃபோர்க் கீழே, கைப்பிடி இடப்பக்கம், ஸ்பூன் மேலே, கைப்பிடி வலப்பக்கம். தண்ணீர் கிளாஸ் பெரிய நைஃபின் முனைக்கு நேர் மேலே. ஆக, ஸ்பூன், ஃபோர்க், நைஃப் மட்டும் ஒருவருக்கு எட்டு உருப்படி.

சைவக்காரர்களுக்கும் எட்டுதான். ஆனால் ஃபிஷ் நைஃபையும் ஃபிஷ் ஃபோர்க்கையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்ன நைஃப், சின்ன ஃபோர்க் வைக்க வேண்டும். ஃபிஷ் நைஃபுக்குக் கூர்மை கிடையாது. மீன் சதையை முள்ளிலிருந்து பிரிப்பதற்குத்தான் அது, பனீரில் மல்லுக்கட்டும். அதைவிட முக்கியம், காலமெல்லாம் சைவம் சாப்பிட்டவர் முன்னால் மீன் கத்தியை வைப்பது அவர் மனதைப் புண்படுத்தும். யார் எங்கே உட்காருவார்கள் என்று வீட்டுக்காரரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சொல்ல முடியாது என்றால் இரண்டாவது உணவுக்கான ஜோடியை யாருக்கும் முன்கூட்டி வைக்காதீர்கள். சூப் கிண்ணங்களை எடுத்த பிறகு, நாப்கின் விரித்த தட்டில் கொண்டுபோய் ஆளுக்குத் தகுந்தாற்போல வைக்கலாம். கூடுதல் வேலைதான், ஆனால் எந்தத் தவறும் வராது.

ரோஸ்ட் சிக்கனுக்குப் பதில் பிரியாணி என்று கடைசி நேரத்தில் மாற்றுவது நம் வீடுகளில் சகஜம். அப்போது பெரிய நைஃப் போய், அந்த இடத்துக்குப் பெரிய ஸ்பூன் வர வேண்டும். கையால் சாப்பிடுபவர்களும் இருப்பார்கள், அது அவர்கள் விருப்பம். பிரியாணித் தட்டை எடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்ட கிண்ணத்தை எல்லோருக்கும் கொடுங்கள்.

அப்புறம் நாப்கின். இதில்தான் எனக்கு உண்மையான கவலை. விசிறி, பிஷப் தொப்பி, தாமரை என்று மடித்துக் காட்டினால் வீட்டுக்காரர் மகிழ்ந்துபோவார். ஆனால் ஒரு தாமரைக்கு எத்தனை தடவை விரல் படுகிறது என்று பாருங்கள். அதே துணியால்தான் விருந்தாளி வாயைத் துடைக்கப் போகிறார். கிளாஸுக்குள் செருகி நிறுத்தும் மடிப்பை நான் அடியோடு மறுத்துவிடுவேன், துணியின் பஞ்சு குடிக்கும் கிளாஸுக்குள் உதிரும்.

மலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் கஞ்சி இழுத்துக்கொள்ளும். மதியம் நிமிர்ந்து நின்ற தொப்பி, விருந்தாளி வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். முதல் நாளே மடித்து அடுக்கி வைத்தாலோ உள்மடிப்பில் பூஞ்சை வாடை வந்துவிடும். மடித்த ஒன்றை விரித்து, நடு மடிப்பை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். துளி வாடை இருந்தாலும் அந்த அடுக்கு முழுவதும் சலவைக்குத் திரும்பட்டும். வாசனைத் தண்ணீர் தெளித்துச் சமாளிக்க வேண்டாம்.

நான் சொல்லிக்கொடுப்பது புத்தக மடிப்புதான். 20 அங்குலச் சதுர நாப்கினைப் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் 10 அங்குலச் சதுரம். அதை இன்னொரு முறை மடித்தால் 10-க்கு 5 பட்டை. மொத்தம் மூன்றே மடிப்பு. இஸ்திரி போட்ட சூடு அடங்கும் முன்பே, கை கழுவிவிட்டு, சுத்தமான மேஜையில் மடியுங்கள். விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மடித்தால் போதும், வைக்கும்வரை மூடிய பெட்டியில் இருக்கட்டும். இதற்குக் கஞ்சியும் கொஞ்சம் போதும். கஞ்சி ஏறிய விறைப்பான துணி உதட்டில் உரசும், ஈரத்தையும் உறிஞ்சாது.

ஸ்பூன், ஃபோர்க்கை வெந்நீரில் நனைத்து, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, கைப்பிடியை அந்தத் துணியாலேயே பிடித்து வையுங்கள். குளிர்ந்த ஸ்டோர் ரூமிலிருந்து கிளாஸ்களைக் கடைசி நிமிடத்தில் கொண்டுவராதீர்கள். கணப்பு எரியும் அறைக்குள் வந்ததும் அவை வியர்த்து, காய்ந்த பிறகு புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு மணி நேரம் முன்னாலேயே அறைக்குள் கொண்டுவந்து வைத்து, அதன் பிறகு துடையுங்கள்.

ரோஸ்ட் முடிந்ததும் சைட் பிளேட், பட்டர் நைஃப், உப்பு, மிளகு எல்லாம் மேஜையை விட்டுப் போக வேண்டும். ரொட்டித் துகளை மடித்த துணியால் ஒரு தட்டில் தள்ளி எடுங்கள். பிறகு மேலே படுத்திருக்கும் டெசர்ட் ஃபோர்க்கை இடப்பக்கமும் ஸ்பூனை வலப்பக்கமும் இறக்கிவிடுங்கள். விருந்தாளியின் முகத்துக்குக் குறுக்கே கையை நீட்டாமல், அந்தந்தப் பக்கம் நின்றே செய்ய வேண்டும். அதன் பிறகு கஸ்டர்ட் வரலாம்.