வற் பில்லில் எது பெரிதாகத் தெரிய வேண்டும்?

வற் வரிக்குப் பதிந்த ஒரு கடை, பதிந்த இன்னொருவருக்குப் பொருள் விற்றால், கொடுக்க வேண்டியது சாதாரண பில் அல்ல, டக்ஸ் இன்வொய்ஸ். 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவரின் பெயர், முகவரி, பதிவு இலக்கம், பிறகு திகதி, தொடர் இலக்கம், பொருளின் விபரமும் அளவும், வரி சேராத பெறுமதி, வரி எவ்வளவு, கடைசியாக மொத்தம். இவற்றோடு 'டக்ஸ் இன்வொய்ஸ்' என்ற சொற்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

வாங்கியவர், தான் கொடுத்த வற்றைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்ள இந்தக் கடதாசிதான் ஆதாரம். அது வாசிக்கும் நிலையில் இல்லாவிட்டால் நட்டம் அவருக்கு. அடுத்த முறை அவர் உங்கள் கடைக்கு வராவிட்டால் நட்டம் உங்களுக்கு.

எழுத்து எத்தனை பொயின்ட், கறுப்பா நீலமா என்றெல்லாம் அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதை நாமே தீர்மானிக்கலாம் என்றபடியால்தான் சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. கடைக்காரர் தன் கணினித் திரையில் நீலப் பட்டை, மஞ்சள் கட்டம், சிவப்பு மொத்தம் என்று அழகாகச் செய்துவிடுகிறார். அந்தப் பில் பரந்தனில் ஒரு கொமினிகேஷனில், மீள்நிரப்பிய டோனர் போட்ட கறுப்பு வெள்ளை லேசரில் பிரின்ட் ஆகிறது. ஒப்பந்தக்காரர் அதைப் போட்டோ கொப்பி எடுத்துக் கோப்பில் போடுகிறார். அந்தக் கொப்பியைத் தொலைபேசியில் படம் எடுத்துக் கொழும்பில் இருக்கும் கணக்காளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். காசு கொடுக்கத் தீர்மானிப்பவர் பார்ப்பது அந்தக் கடைசிப் படத்தைத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்தவை. ஒரு ஹாட்வெயார் கடை, பதிந்த ஒப்பந்தக்காரருக்கு 50 பை சீமெந்து, பை 2,000 ரூபாப்படி கொடுக்கிறது, 100,000. கம்பி 20, ஒன்று 1,800 ரூபா, 36,000. வரி சேராத பெறுமதி 136,000. 2024 ஜனவரி முதல் உள்ள 18 வீதத்தில் வற் 24,480. மொத்தம் 160,480. சாமான் இறக்கிய அன்றே ஒப்பந்தக்காரர் 50,000 ரூபா காசாகக் கொடுத்துவிட்டார். மீதி 110,480.

இப்போது எந்த எண்ணைப் பெரிதாகப் போடுவது? பெரும்பாலானோர் 160,480ஐத்தான் போடுகிறார்கள். மென்பொருள் வார்ப்புருக்களும் மொத்தத்தைத்தான் தடிப்பாக்கித் தருகின்றன. 50,000 கழித்தது கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். கொழும்பில் இருப்பவர் பெரிய எண்ணைப் பார்த்துக் காசோலை எழுதுவார், பிறகு 50,000ஐத் திருப்பிக் கேட்டு ஒரு மாதம் அலைச்சல். அல்லது ஒப்பந்தக்காரர் 'கொடுத்ததைக் கழிக்கவில்லையே' என்று பில்லைத் திருப்பி அனுப்புவார்.

பெரிதாக இருக்க வேண்டியது 110,480.00. அதற்காக மொத்தத்தை மறைக்கக் கூடாது. கழிக்கக்கூடிய வற் 24,480 என்பது மொத்தத்தோடு சேர்ந்த கணக்கு, கையில் கொடுத்த காசு அதை மாற்றாது. ஆகவே பெறுமதி, வற், மொத்தம் மூன்றும் சாதாரண எழுத்தில், பட்டியலின் அடியில் வலப்பக்க ஓரத்துக்கு ஒழுங்காக நிற்கட்டும். அதன் கீழ் 'பெற்றது 50,000.00'. அப்புறம் ஒரு வரி இடைவெளி விட்டு, தனிக் கட்டத்துக்குள் 'செலுத்த வேண்டிய தொகை ரூபா 110,480.00' என்று 16 பொயின்ட் தடிப்பில். பில்லில் இதைவிடப் பெரிய எழுத்தில் வேறெந்த எண்ணும் இருக்கக் கூடாது, தொலைபேசி இலக்கம் உட்பட. கடைப் பெயரை 30 பொயின்டில் போடும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். கட்டத்துக்குக் கீழே 'ரூபா ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்து நானூற்று எண்பது மட்டும்' என்று எழுத்திலும் போடுங்கள். கொப்பியில் 3உம் 8உம், 1உம் 7உம் ஒன்றாகத் தெரியும்போது காப்பாற்றுவது இந்த வரிதான்.

கட்டம் என்றால் கோட்டுக் கட்டம், நிறம் நிரப்பிய கட்டம் அல்ல. கறுப்பு வெள்ளை லேசரிடம் இருப்பது கறுத்தத் தூள் மட்டும். சிவப்பையோ நீலத்தையோ கொடுத்தால், அது சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளைத் தூவிச் சாம்பல் நிறமாகக் காட்டும். தடித்த எழுத்து அதைத் தாங்கும், மெல்லிய எழுத்து உடைந்துவிடும். தமிழில் இது இன்னும் மோசம், மெய்யெழுத்தின் புள்ளியே அந்தப் புள்ளிக் கூட்டத்துக்குள் காணாமல் போய், 'கம்பி' என்பது 'கமபி' என்று வந்து நிற்கும். மஞ்சள் எழுத்து ஏறக்குறைய முழுதாக மறையும். மஞ்சள் பின்னணி பிரின்டில் பரவாயில்லை, ஆனால் கொப்பி எடுக்க எடுக்க அழுக்குப் படலமாக வரும். கறுத்தப் பட்டைக்குள் வெள்ளை எழுத்து இருந்தால், டோனர் குறையும்போது பட்டையில் வெளிறிய கோடுகள் விழும், அவை எழுத்தின் குறுக்கே ஓடும். 'டக்ஸ் இன்வொய்ஸ்' என்ற தலைப்பைப் பலர் இப்படிப் பட்டைக்குள்தான் போடுகிறார்கள். சட்டம் கண்ணில் படச் சொன்ன சொற்களே அழிந்துபோகின்றன. வெள்ளைக் கடதாசியில் கறுப்புத் தடிப்பெழுத்து போதும்.

எழுத்துருவுக்கு வருவோம். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துரு பில்லுக்கு ஒத்துவராது. கோடு ஒரே தடிப்பில் ஓடும் Nirmala UI அல்லது Noto Sans Tamil போன்ற ஒன்று, உடல் எழுத்து 11 பொயின்ட், அதற்குக் குறையாமல். வன்னியில் இன்னும் பல கடைகள் பாமினியில் தட்டுகின்றன. பாமினியில் தட்டிய வேர்ட் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எழுத்துருவையும் உள்ளே பதித்த PDF ஆக மாற்றி அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. கடை முதலாளியின் கணினியில் சரியாகத் தெரிவதால் மட்டும் அதை நம்பிவிட வேண்டாம்.

சரி, வற்றுக்குப் பதியாத கடை? அங்கே 'டக்ஸ் இன்வொய்ஸ்' என்று போடவும் கூடாது, வற் என்று ஒரு வரி சேர்த்து அறவிடவும் கூடாது. 'இன்வொய்ஸ்' என்று மட்டும் போட்டு, கட்டம், எழுத்து விடயங்களை மட்டும் இதேபோல வைத்துக்கொள்ளலாம். பதிய வேண்டிய விற்பனை எல்லையும், டக்ஸ் இன்வொய்ஸின் வடிவம் பற்றிய அறிவுறுத்தல்களும் மாறக்கூடியவை. ஆகவே பில் புத்தகம் கட்டுக்கணக்கில் அடிக்கக் கொடுக்க முன், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ird.gov.lk தளத்தில் அன்றைக்கு நடைமுறையில் இருப்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்க முன் இன்னொரு வேலையும் உண்டு. மாதிரிப் பில் ஒன்றைக் கொமினிகேஷனில் கறுப்பு வெள்ளையில் எடுங்கள், அதைக் கொப்பி எடுங்கள், அந்தக் கொப்பியை மறுபடி கொப்பி எடுங்கள். மூன்றாவது தாளை, பில்லை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து 'எவ்வளவு தர வேண்டும்?' என்று கேளுங்கள். அவர் 160,480 என்றாலோ, பதிவு இலக்கத்தை வாசிக்கத் தடுமாறினாலோ, அச்சகத்துக்குக் கொடுக்க முன் அந்த இடத்தைத் திருத்திவிட்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.