லாக்டோமீட்டர் படத்தை மட்டும் பார்த்து ‘தண்ணி கலந்த பால்’ என்று சொல்லலாமா?

பெருந்துறைப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். உயரமான டம்ளரில் பால், அதில் மிதக்கும், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர். கூடவே ஒரு குரல் பதிவு: “சார், இருபத்தஞ்சரைதானுங்க காட்டுது. முப்பது இருக்கோணுமுல்லங்க? தோட்டத்துக்காரரு தண்ணி ஊத்தறாருங்களா?” காலையில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பசும்பால் அது. பால்காரர், கடைக்காரர் என்று எனக்கு இப்படிப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். பாலை ஆய்வகத்தில் சோதிப்பவன் என்பதால் படத்தைப் பார்த்த உடனே தீர்ப்பு வரும் என்று நினைக்கிறார்கள்.

அவர் போட்ட கணக்கு நேரானது. பால் 30, தண்ணீர் 0 என்றால் 25.5 என்பது சுமார் 15 சதவீதம் தண்ணீர். கணக்கில் தப்பில்லை. ஆனால் 25.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பாலின் வெப்பநிலை இல்லை. அது இல்லாத அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு விஷயம் கேட்டேன். கருவியின் தண்டில் என்ன வெப்பநிலை அச்சடித்திருக்கிறது? பால் இப்போது எத்தனை டிகிரி செல்சியஸ்? தண்டில் 60 பாரன்ஹீட், அதாவது 15.5 செல்சியஸ். பால் 31.

பால் சூடாக இருந்தால் விரிந்து லேசாகிவிடும். லேசான பாலில் கருவி கூடுதலாக அமிழும், எண் குறைந்து தெரியும். தண்ணீர் ஊற்றினாலும் இதேதான் நடக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பலருக்கும் தெரிந்த திருத்தம் இது: கருவியில் உள்ள வெப்பநிலையைவிடப் பால் எத்தனை செல்சியஸ் கூடுதலோ, ஒவ்வொன்றுக்கும் 0.2 கூட்டு. குறைவாக இருந்தால் கழி. 31க்கும் 15.5க்கும் இடைவெளி 15.5. அதை 0.2ஆல் பெருக்கினால் 3.1. கூட்டினால் 28.6. பதினைந்து சதவீதம் என்று கிளம்பிய சந்தேகம் இப்போது ஐந்துக்குள் வந்துவிட்டது.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இந்த 28.6 மேல் நம்பிக்கை இல்லை. அந்த 0.2 என்பது 15.5 செல்சியஸை ஒட்டி, ஐந்து டிகிரி மேலே கீழே இருக்கும்போது சரியாக வரும். பால் எல்லா வெப்பநிலையிலும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. முப்பதைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் விரிவு அதிகம். அதனால் நம் ஊர்ச் சூட்டில் 0.2 போட்டால் திருத்தம் போதாமல் போகும். ஒன்று முதல் இரண்டு வரை குறைவாகவே விடை வரும். அந்தக் குறைவு அப்படியே ஐந்து சதவீதத் தண்ணீர் மாதிரி தெரியும். சித்திரை, வைகாசியில் நல்ல பால் கொண்டுவருகிற விவசாயி கெட்ட பேர் வாங்குவது இப்படித்தான்.

எனவே சூட்டுக்கேற்ற திருத்த அட்டவணை தேடுவதைவிடப் பாலைக் குளிரவைப்பதுதான் நல்லது. ஒரு போசியில் பச்சைத்தண்ணியும் கொஞ்சம் ஐஸும் போட்டு, பால் உள்ள பாத்திரத்தை அதற்குள் வையுங்கள். ஐஸ் பாலுக்குள் விழக்கூடாது, சொல்லத் தேவையில்லை. மெதுவாகக் கலக்கி, 20 வந்ததும் வெளியே எடுங்கள். கறந்த உடனே அளக்காதீர்கள். நுரையும் காற்றுக் குமிழும் இருக்கும், அரை மணி, ஒரு மணி நேரமாவது போகட்டும். ஃப்ரிட்ஜில் இருந்த பாலென்றால் கொழுப்பு உறைந்திருக்கும். 40 வரை சூடாக்கிக் கலக்கி, பிறகு 20க்குக் கொண்டுவர வேண்டும்.

படம் எடுப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. டம்ளரை விளிம்பு வரை நிரப்புங்கள். கருவி சுவரில் ஒட்டாமல் தனியாக மிதக்க வேண்டும். கேமரா பால் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ சாய்த்து எடுத்தால் எண் தப்பாகப் படும். பால் ஒளி ஊடுருவாதது என்பதால் தண்டை ஒட்டி ஏறி நிற்கும் மேல் விளிம்பில்தான் படிக்க முடியும். தெர்மாமீட்டர் அதே படத்தில் இருந்தால் நான் கேட்க வேண்டிய கேள்வி பாதியாகக் குறையும்.

கடைக்காரர் அப்படியே செய்து இன்னொரு படம் அனுப்பினார். 20 டிகிரியில் 28.8. இடைவெளி 4.5, திருத்தம் 0.9. விடை 29.7. சூட்டில் திருத்தியதற்கும் இதற்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம். பாலின் கொழுப்பை அளந்தோம், 4.0 சதவீதம். கொழுப்பல்லாத திடப்பொருளுக்கு 60 பாரன்ஹீட் கருவியின் சூத்திரம் இது:

```
SNF = CLR/4 + 0.2 × F + 0.14
```

CLR என்பது திருத்திய அளவு, F கொழுப்பு. 7.43, 0.8, 0.14 கூட்டினால் 8.37. பசும்பாலுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 8.3. பால் தேறிவிட்டது. அந்த 28.6ஐ இதே சூத்திரத்தில் போட்டால் 8.09 வரும், அதே பால் தோற்றுப்போகும்!

27 செல்சியஸ் என்று அச்சடித்த கருவி வைத்திருப்பவர்கள் இந்தச் சூத்திரத்தைப் போடக்கூடாது. அதற்கு CLR/4 + 0.25 × F + 0.44 என்று வேறு வரும். இதே பாலுக்கு அந்தக் கருவி 28ஐ ஒட்டித்தான் காட்டும். கருவி ஒன்று, சூத்திரம் இன்னொன்று என்று கலந்ததில் வந்த தகராறுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். எம், டபிள்யூ என்று எழுத்து மட்டும் போட்ட மலிவுக் கருவியைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

அப்புறம், சாயங்காலம் அதே தோட்டத்துப் பாலை வண்டியில் கொண்டுவருபவர் வேறு ஒருவர். அந்தப் பாலையும் 20க்குக் குளிரவைத்து அளந்தால் 22, திருத்தினால் 22.9. கொழுப்பு 3.1. சாயங்காலப் பால் வேறாகவும் இருக்கலாம் என்று அன்றைக்கே தோட்டத்தில் கண் முன்னால் கறக்க வைத்து, எல்லா மாட்டின் பாலையும் கலந்து அளந்தோம். 29.7, கொழுப்பு 4.0, காலையில் வந்த மாதிரியேதான். 29.7க்கும் 22.9க்கும் வித்தியாசம் 6.8. அதை 29.7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 23 சதவீதம். அதாவது வண்டியில் வந்த பத்து லிட்டரில் இரண்டேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர். கொழுப்பும் நான்கில் 23 சதவீதம் குறைந்தால் 3.1தான். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததால்தான் நான் ‘தண்ணி’ என்று சொன்னேன்.

ஒப்பிட நல்ல பால் கையில் இல்லாவிட்டால், ஐந்து, ஆறு சதவீதத்தை இந்தக் கருவியால் பிடிக்க முடியாது. மாடு, தீவனம், கறவைக் காலம் என்று நல்ல பாலே ஒன்றிரண்டு மேலும் கீழும் போகும். வெண்ணெய் எடுத்த பாலில் அளவு ஏறும். அதில் தண்ணீர் ஊற்றினால் மறுபடி 30க்கு வந்து நிற்கும். சர்க்கரையோ உப்போ சேர்த்தாலும் அளவு ஏறும். கொழுப்பை அளக்காமல் விடக்கூடாது என்பது இதனால்தான். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் உறைநிலைச் சோதனைக்கு அனுப்புங்கள். நல்ல பால் மைனஸ் 0.52, 0.55 செல்சியஸை ஒட்டி உறையும். தண்ணீர் சேரச் சேர அது பூஜ்யத்தை நோக்கி நகரும். மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுங்கள், புளித்துவிட்டால் அந்த எண்ணும் தப்பாக வரும்.