பின்னாய்வுக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியதும் விட வேண்டியதும்

ஒரு சேவை முடங்கி மீண்ட சில நாள்களுக்குள் நடக்கும் பின்னாய்வுக் கூட்டத்தின் குறிப்பு, பெரும்பாலான குழுக்களில் நடந்ததை மறுபடியும் சொல்லும் கட்டுரையாகவே எழுதப்படுகிறது. எத்தனை மணிக்கு எச்சரிக்கை வந்தது, யார் முதலில் பார்த்தார், எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்று இரண்டு பக்கம் ஓடிய பிறகு, கடைசிப் பத்தியில் "கண்காணிப்பை மேம்படுத்த வேண்டும் எனப் பேசப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கூட்டம் கூட்டப்பட்டதே அந்த ஒரு வரிக்காகத்தான். அதில் செய்பவரும் இல்லை, நாளும் இல்லை.

நடந்ததைச் சொல்வதற்குச் சம்பவ அறிக்கை என்று தனி ஆவணம் இருக்கிறது. நேரவரிசை, காரண ஆய்வு, பாதிப்பின் அளவு ஆகியவை அங்கே இருக்க வேண்டும். அவற்றைக் கூட்டக் குறிப்பில் மீண்டும் எழுதினால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டாகின்றன. பின்னர் அறிக்கையில் ஒரு நேரம் திருத்தப்பட்டால் குறிப்பில் பழைய நேரமே நிற்கும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் உண்டு. குறிப்பைச் சுற்றுக்கு விட்டதும் கலந்துகொண்டவர்கள் அந்தக் கதைப் பகுதியைத் திருத்தத் தொடங்குகிறார்கள். ஒப்புதல் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. முடிவுகள் செயலுக்கு வர வேண்டிய அந்த வாரம், யார் எப்போது எதைச் சொன்னார் என்ற வாதத்திலேயே கழிந்துவிடுகிறது.

ஒரு தரவுத்தள முடக்கத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். நிறுவனத்தைக் குறிப்பிடாமல், நாள்களையும் அளவுகளையும் மாற்றித் தருகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் முதன்மைச் சர்வரின் மாற்றங்களைப் பிரதிச் சர்வர் தொடர்ந்து வாங்கிக்கொள்வதற்கு ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்ற ஏற்பாடு உண்டு. பிரதி வாங்கி முடிக்காத மாற்றப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வதே அந்த ஸ்லாட்டின் வேலை. பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பிரதி ஒன்றின் ஸ்லாட்டை யாரும் நீக்கவில்லை. இனி வரப்போகாத பிரதிக்காக முதன்மைச் சர்வர் `pg_wal` கோப்புறையில் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போனது, வட்டு நிரம்பியது, சர்வர் நின்றது. வட்டை 500 ஜிபியிலிருந்து 800 ஜிபியாகப் பெருக்கி, அநாதையாகக் கிடந்த ஸ்லாட்டை நீக்கிய பிறகே சேவை திரும்பியது.

இவ்வளவும் சம்பவ அறிக்கையில் இருக்கிறது. கூட்டக் குறிப்பில் இதற்கு வேண்டியது ஒரே வாக்கியம்: "விலக்கப்பட்ட பிரதியின் ஸ்லாட் நீக்கப்படாததால் மார்ச் 6 அன்று முதன்மைச் சர்வரின் வட்டு நிரம்பியது, விவரம் சம்பவ அறிக்கையில்." அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு நீளம் தகும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. கூட்டத்துக்கு வராத பொறியாளர் ஒருவர் கீழே உள்ள முடிவுகளை ஏன் எடுத்தார்கள் என்று புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்குச் சம்பவம் சொல்லப்பட்டால் போதும். ஸ்லாட்டை நீக்காமல் விட்டவர் யார் என்பது எந்த முடிவையும் விளக்குவதில்லை என்பதால் அவர் பெயருக்குக் குறிப்பில் இடமில்லை. பெயர் வர வேண்டிய இடம் இனி செய்யப்போகிறவருக்கான இடம் மட்டுமே.

மார்ச் 11 கூட்டத்தின் முதல் முடிவு குறிப்பில் இப்படி எழுதப்பட்டது. பெயர் இருக்கும் இடத்தில் இங்கே பதவியைத் தருகிறேன்.

> முடிவு 1: முதன்மைச் சர்வரில் `max_slot_wal_keep_size` 100 ஜிபி என அமைக்கப்படும். காரணம்: உச்ச நேரத்தில் மணிக்குச் சுமார் 8 ஜிபி பதிவு சேர்வதால், பிரதி ஒன்று ஏறத்தாழ 12 மணி நேரம் விலகியிருந்தாலும் திரும்ப வந்து இணைய முடியும். ஏற்றுக்கொண்ட விளைவு: அதற்கு மேல் விலகியிருக்கும் பிரதியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். பொறுப்பு: தரவுத்தள நிர்வாகி. நாள்: மார்ச் 14. முடிந்ததற்குச் சான்று: உற்பத்திச் சர்வரில் `SHOW` கட்டளையின் விடை.

ஸ்லாட்டுகளுக்காகப் பிடித்துவைக்கும் பதிவுகளின் அளவுக்கு வரம்பு வைக்கும் இந்த அமைப்பு போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. எனவே வரம்பு வைப்பதா, எவ்வளவு வைப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "ஏற்றுக்கொண்ட விளைவு" என்ற வரியை நான் எந்தக் குறிப்பிலும் விடுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு பிரதி வரம்பைத் தாண்டிச் செயலிழக்கும்போது, இரவுப் பணியில் இருப்பவர் அதைப் பிழை என்று எண்ணி வரம்பை மீண்டும் -1 ஆக்கிவிடக் கூடும். அப்படி நேரலாம் என்று தெரிந்தேதான் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை அவருக்குச் சொல்ல அந்த வரி ஒன்றே இருக்கும். நினைவகத்தில் உள்ள மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் செக்பாயின்ட் நடக்கும் நேரத்தில்தான் இந்த வரம்பு செயலாகிறது என்பதால் இடையில் பதிவுகள் 100 ஜிபியைச் சற்றுத் தாண்டலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சுட்டினார். வட்டில் வழக்கமாக 180 ஜிபிக்கு மேல் காலியாக இருப்பதால் அது தாங்கும் என்று முடிவானது. அந்த உரையாடல் கால் மணி நேரம் நடந்திருக்கலாம். குறிப்பில் அது ஒரு வாக்கியம்.

இரண்டாவது முடிவு எச்சரிக்கை பற்றியது. கூட்டத்தில் சொல்லப்பட்டது "ஸ்லாட்டுகளைக் கண்காணிக்க வேண்டும்" என்பதுதான். அது விருப்பம், முடிவாகாது. எதை அளப்பது, எந்த அளவில் ஒலிப்பது, யாருக்கு ஒலிப்பது என்று கேட்டு, விடை கிடைத்த பிறகே எழுத வேண்டும். அளப்பதற்கு இந்த வினவல் போதும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது:

```sql
SELECT slot_name, active,
       pg_wal_lsn_diff(pg_current_wal_lsn(), restart_lsn) AS retained_bytes
FROM pg_replication_slots;
```

ஏதேனும் ஒரு ஸ்லாட் பிடித்துவைத்திருக்கும் அளவு 50 ஜிபியைத் தாண்டினால் பணியில் இருக்கும் பொறியாளரின் கைபேசிக்கு அழைப்பு போக வேண்டும். பொறுப்பு கண்காணிப்புக் குழுவின் பொறியாளர் ஒருவர். நாள் மார்ச் 21. சான்றாக "விதி எழுதப்பட்டது" என்று முதலில் முன்மொழியப்பட்டதை நாங்கள் ஏற்கவில்லை. சோதனைச் சூழலில் ஒரு பிரதியை நிறுத்தி, பதிவுகளைச் சேரவிட்டு, கைபேசி உண்மையிலேயே ஒலித்ததைக் காட்டும் பதிவுதான் சான்று என்று எழுதினோம்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் பிரதிச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். காப்புப்படியைத் தேடியபோது, தினமும் `pg_dump` எடுத்துக்கொண்டிருந்ததாக நம்பப்பட்ட காப்புப்படிகள் எதுவுமே இல்லை என்று தெரிந்தது. தரவுத்தளம் 9.6-ஆம் பதிப்பில் இருக்க, கருவி 9.2-ஆம் பதிப்பாக இருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டன. ஆனால் அவை முறையாக ஒப்பமிடப்படாததால் பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. எச்சரிக்கை விதி இருந்தது, எச்சரிக்கை எவரையும் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த வட்டு நகல் ஒன்றிலிருந்தே தரவுத்தளத்தை மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்தின் தரவு திரும்பவில்லை.

அந்த நிறுவனம் வெளிப்படையாக வெளியிட்ட பின்னாய்வில் என் கண்ணில் படும் இடம் வேறு. காப்புப்படியை ஏன் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு, அதற்கென்று பொறுப்பாளர் எவரும் இல்லை என்பதையே அவர்கள் விடையாக எழுதினார்கள். கூட்டக் குறிப்பில் "பொறுப்பு: தரவுத்தளக் குழு" என்று எழுதும்போது நாமும் ஏறத்தாழ அதே நிலையைத்தான் உண்டாக்குகிறோம். குழுவில் ஐந்து பேர் இருந்தால் ஐவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருப்பார்கள். அதில் எவர் மீதும் குற்றமில்லை. ஆகவே ஒரு முடிவுக்கு ஒரு பெயர். வேலையை அவரே செய்ய வேண்டியதில்லை. ஆனால் அது எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவர். கூட்டத்துக்கு வராதவரின் பெயரை எழுதுவதானால், குறிப்பைச் சுற்றுக்கு விடும் முன் அவரிடம் பேசி, நாளையும் சேர்த்து அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த இடத்தில் "உறுதி செய்யப்படவில்லை, கேட்பவர் கூட்டத் தலைவர், மார்ச் 12-க்குள்" என்று எழுதுவதே நேர்மையானது.

எடுக்காத முடிவுகளும் குறிப்பில் இடம்பெற வேண்டும். செயலற்ற ஸ்லாட்டுகளைத் தானாக நீக்கும் நிரல் ஒன்றை எழுதலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். பராமரிப்புக்காகச் சில மணி நேரம் நிறுத்தப்பட்ட பிரதியின் ஸ்லாட்டும் செயலற்றதாகவே தெரியும். அதை நிரல் நீக்கிவிட்டால், பிரதி திரும்பும்போது அதற்கு வேண்டிய பதிவுகள் போய்விட்டிருக்கலாம். எனவே அது வேண்டாம் என்றும், பிரதியை விலக்கும் நடைமுறையின் சரிபார்ப்புப் பட்டியலில் ஸ்லாட்டை நீக்கும் படியைச் சேர்ப்பதே போதும் என்றும் முடிவானது. அதற்கும் ஒரு பெயரும் ஏப்ரல் 4 என்ற நாளும் இடப்பட்டன. அவசரத்தில் பெருக்கிய 800 ஜிபி வட்டைக் குறைப்பதில்லை என்பதும் அவ்வாறே எழுதப்பட்டது. நிராகரித்ததையும் அதன் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதாவிட்டால், அடுத்த சம்பவத்தின் கூட்டத்தில் அதே யோசனை புதிதாக வந்து அதே அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

நாள் என்பது மேலாளருக்குக் காட்டுவதற்கான நாளாக இருந்தால் பயனில்லை. இந்த மூன்று முடிவுகளில் வரம்பை அமைப்பது சர்வரை நிறுத்தாமல், அமைப்புக் கோப்பை மறுபடி ஏற்றினாலே நடந்துவிடும் வேலை என்பதால் மூன்று நாள் போதுமானது. எச்சரிக்கைக்குச் சோதனைச் சூழல் வேண்டும் என்பதால் பத்து நாள். வேலையின் அளவைக் கேட்காமல் எல்லா முடிவுக்கும் "மாத இறுதி" என்று எழுதும் குறிப்பைப் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் எவரும் வேலையைப் பற்றி யோசிக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். "விரைவில்", "அடுத்த காலாண்டில்" போன்ற சொற்களும் அப்படியே.

நாள் தவறும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். பழைய நாளை அழித்துப் புதியதை எழுதக் கூடாது. பழைய நாள் அப்படியே இருக்க, அருகில் புதிய நாளும் ஒரு வரிக் காரணமும் வர வேண்டும். எங்கள் எச்சரிக்கை வேலை மார்ச் 21-லிருந்து மார்ச் 28-க்குத் தள்ளிப்போனது. சோதனைச் சூழலை வேறு குழு பயன்படுத்திக்கொண்டிருந்தது என்பது காரணம். இரண்டாம் முறையும் தள்ளிப்போனால் பொறுப்பாளரிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை என்பதால், அந்த முடிவு அவருடைய வேலை நேரத்தைப் பங்கிடும் மேலாளரிடம் போக வேண்டும் என்றும், அவர் நேரம் ஒதுக்க வேண்டும் அல்லது இந்த ஆபத்தை ஏற்றுக்கொள்வதாகத் தன் பெயரில் எழுதித் தர வேண்டும் என்றும் குறிப்பின் கடைசி வரியில் சேர்த்திருந்தோம். இரண்டாம் முறை தள்ளிப்போகவில்லை. மார்ச் 27 இரவு சோதனைச் சூழலிலிருந்து வந்த அழைப்பின் பதிவு குறிப்பில் இணைக்கப்பட்டு, இரண்டாவது முடிவு மூடப்பட்டது.