நான்கு நிமிடத்தில் வந்த செவ்வாய் தோஷம்

போன மாதம் ஒரு அம்மா மகளின் ஜாதக நோட்டோடு வந்தார். புரட்டாசியில் பிறந்த பெண், வயது 28. நோட்டில் பிறந்த நேரம் 7.10. கன்னி லக்னம், இரண்டில், அதாவது துலாத்தில், செவ்வாய். தோஷ ஜாதகம் என்று சொல்லியே மூன்று வருடமாக வரன் தட்டிப்போகிறது.

லக்னத்தின் பாகையைப் பார்த்தேன். கன்னி 29 பாகை 20 கலை. லக்னம் சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். மூன்று நிமிடம் தள்ளிப் பிறந்திருந்தால் துலாம் லக்னம். அப்போது செவ்வாய் லக்னத்திலேயே வந்துவிடும். 2, 4, 7, 8, 12 என்று நாம் எண்ணும் தோஷ இடங்களில் அது சேராது.

"7.10னு யார் சொன்னாங்கம்மா?"

"எங்க மாமியார்தான். வெளியே உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாங்க."

பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. சிசேரியன் என்பதால் ஆஸ்பத்திரி காகிதங்களைத் தேடச் சொன்னேன். பழைய ஃபைலில் ஆபரேஷன் குறிப்பு கிடைத்தது: 7.14. அந்தக் கணக்கில் துலாம் 0 பாகை 20 கலை. ஆனால் தியேட்டர் கடிகாரமும் இரண்டு நிமிடம் முன்னே பின்னே ஓடியிருக்கலாம். அதனால்தான் நடந்த சம்பவங்களை வைத்து நேரத் திருத்தம் செய்து பார்க்க வேண்டியதாயிற்று.

நான்கு நிமிட வித்தியாசத்தில் சந்திரன் இரண்டு கலைதான் நகரும். சுக்கிர தசையிலேயே அது இருபது நாள் கணக்கு. ஆக, தசாபுத்தி இரண்டு நேரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புத்திநாதன் எந்த வீட்டுக்கு அதிபதி என்பதுதான் மாறும். அங்கேதான் சோதிக்க முடியும்.

தம்பி தங்கைக்கு மூன்றாம் இடம், சொந்த வீட்டுக்கு நான்காம் இடம், வேலைக்குப் பத்தாம் இடம் என்று பார்ப்போம். தம்பி பிறந்தது சுக்கிர தசை குரு புத்தியில். துலாத்துக்கு மூன்றாம் அதிபதி குரு, கன்னிக்கோ செவ்வாய். சொந்த வீடு வாங்கியது அடுத்து வந்த சனி புத்தியில். துலாத்துக்கு நான்காம் அதிபதி சனி; கன்னிக்கு குரு. இரண்டும் துலாத்தின் பக்கம் சாய்ந்தன. வேலை கிடைத்தது சந்திர தசை புதன் புத்தியில். துலாத்துக்குப் பத்தாம் அதிபதி சந்திரன், கன்னிக்கு புதன். இரண்டு லக்னத்துக்கும் பொருந்துகிற சம்பவம், சாட்சிக்கு உதவாது. அதைத் தள்ளிவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அரை மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே போனால், எந்த வாழ்க்கைக்கும் ஏதோ ஒரு லக்னம் பொருந்திவிடும். காகிதமே இல்லாமல் பத்து நிமிடத்தில் "உங்க நேரம் 6.43.20" என்று நொடிக்கணக்கில் சொல்பவரிடம், நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, அது எப்போது நடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நான் செய்ததுகூட கன்னியா துலாமா என்று பிரிக்கத்தான் உதவும். நிமிடத்தைச் சொல்லாது.

நோட்டில் பழைய 7.10ஐ அழிக்கவில்லை. பக்கத்தில் "7.14, ஆபரேஷன் குறிப்புப்படி" என்று எழுதி, அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸையும் ஒட்டிக் கொடுத்தேன்.