ஒரே குழந்தை, நான்கு விடைகள்

குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஜிங்க் கொடுத்தால் எத்தனை மணி நேரம் முன்னதாக நிற்கிறது? வெளியான மருத்துவச் சோதனைகளைத் திரட்டி இதற்கு விடை தேடும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில், கட்டுரைகளிலிருந்து எண்களை எடுத்து அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. வெறும் டைப்பிங் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போக்கு தொடங்குகிறது. செவ்வாய் காலை ஆறுக்குச் சோதனையில் சேர்க்கிறார்கள். கடைசியாகத் தண்ணீராகப் போனது வியாழன் காலை ஆறுக்கு. அன்று மாலை ஆறுக்கு மலம் கெட்டியாகப் போகிறது.

சேர்த்ததிலிருந்து கடைசித் தண்ணீர்ப் போக்கு வரை எண்ணினால் 48 மணி நேரம். முதல் கெட்டி மலம் வரை என்றால் 60. போக்கே இல்லாமல் ஒரு முழு நாள் கழிந்தால்தான் நின்றதாகக் கொள்வோம் என்றால் 72. நோய் தொடங்கியதிலிருந்து கடைசிப் போக்கு வரை என்றால் 96. நான்கையும் கட்டுரைகளில் பார்க்கலாம். தலைப்பு மட்டும் எல்லாவற்றிலும் 'போக்கின் கால அளவு'தான்.

தொடக்கப்புள்ளி மாறுவதால் ஜிங்க் பெற்ற, பெறாத இரு குழுக்களின் சராசரிக்கு இடையிலான வித்தியாசம் பெரிதாகக் கெடாது. குலுக்கல் முறையில் பிரித்ததால், சேரும் முன் கழிந்த நேரம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் சதவீதத்தில் சொன்னால் கதை வேறு: 12 மணி நேரக் குறைவு 48-க்கு 25 சதவீதம், 96-க்கு 12.5 சதவீதம். முடிவுப்புள்ளி மாறினாலோ, அளப்பதே வேறொன்றாகிவிடும். அதனால் எங்கள் அட்டவணையில் தொடக்கத்துக்கு ஒரு பத்தி, முடிவுக்கு ஒரு பத்தி, கட்டுரையின் வாசகத்தை அப்படியே பக்க எண்ணோடு பதிய இன்னொரு பத்தி. எங்கள் வரையறைக்குள் வருகிறதா என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்வோம்.

நான் சறுக்கியது '±' குறியில். எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன்: குழுவில் 100 குழந்தைகள், சராசரி 72 ± 3.6 மணி. 3.6-ஐத் திட்டவிலக்கம் என்று, அதாவது குழந்தைக்குக் குழந்தை கால அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவாக, ஏற்றினேன். உண்மையில் அது திட்டப்பிழை, அதாவது சராசரி எவ்வளவு துல்லியமானது என்பதன் அளவு. 100-இன் வர்க்கமூலமான பத்தால் பெருக்கினால்தான் திட்டவிலக்கம், 36, கிடைக்கும். சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிடும்போது திட்டப்பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எடை கொடுத்தால், இரு குழுவுக்கும் இதே தவறு நேரும்போது அந்தச் சோதனைக்குச் சேரவேண்டியதைப்போல் நூறு மடங்கு எடை கிடைத்துவிடும். மற்றவை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

அட்டவணையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். திட்டவிலக்கம் 3.6 என்றால் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் 65-க்கும் 79-க்கும் இடைப்பட்ட மணிகளில் போக்கு நின்றிருக்க வேண்டும். குழந்தைகளின் வயிறு அப்படிக் கடிகாரம் பார்த்து நடக்காது.

இருவர் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுவது எங்கள் வழக்கம். அன்றும் ஒப்பிட்டோம், இருவரும் 3.6 என்றே எழுதியிருந்தோம். '± என்றால் என்ன என்று கட்டுரை எங்கே சொல்கிறது?' என்ற பத்தி படிவத்தில் அப்போது இல்லை. அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் சொல்லியிருந்தது.