பத்தாம் வகுப்பு இயற்கணிதம்: தேர்வுக்கு முந்தைய 14 நாட்கள்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் வடிவியலும் வரைபடமும் தலா எட்டு மதிப்பெண். கடைசி இரண்டுக்கும் சேர்த்து 35 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு 1 நிமிடம், இரண்டுக்கு 3, ஐந்துக்கு 8 என்று வைத்தால் மொத்தம் 159 நிமிடம். மீதி 21 நிமிடம் சரிபார்க்க. தினமும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழக வேண்டிய கணக்கு இதுதான்.

இயற்கணிதப் பாடத்துக்கு தினமும் ஒன்றரை மணி நேரம் போதும். முதல் ஏழு நாள் ஒரு நாளுக்கு ஒரு வகை. முதல் நாள் மூன்று மாறிச் சமன்பாடுகள். இரண்டாம் நாள் மீ.பொ.வ., மீ.பொ.ம., விகிதமுறு கோவைகள். மூன்றாம் நாள் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம். நான்காம் நாள் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் மூன்று முறைகளும், ஐந்தாம் நாள் மூலங்களின் தன்மையும் கெழுக்களோடு அவற்றின் தொடர்பும். ஆறாம் நாள் வரைபடம், ஏழாம் நாள் அணிகள். இந்த வாரத்தில் ஐந்து மதிப்பெண் கணக்குக்கு 12 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். நேரம் முடிந்தால் பேனாவை வைத்துவிட்டு, எந்த வரியில் நின்றோம் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும்.

வரைபட நாளில் அதிகம் சறுக்குவது வரைவதில் அல்ல, கழிப்பதில். y = x² − x − 6 வரைந்து, அதைக்கொண்டு x² − 3x − 4 = 0 ஐத் தீர்க்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் y = 2x − 2 என்ற கோடு வரும். அது பரவளையத்தை (−1, −4), (4, 6) என்ற புள்ளிகளில் வெட்டும். விடை −1, 4. கழிக்கும்போது பின்னிரண்டு உறுப்புகளின் குறியை மாற்ற மறந்தால் y = −4x − 10 வந்துவிடும். இந்தக் கோடு பரவளையத்தைத் தொடவே தொடாது. கோடு வெட்டவில்லை என்றால் அளவுத்திட்டத்தை மாற்றி மறுபடி வரைய உட்காராதீர்கள். இரண்டாவது சமன்பாட்டின் காரணிகளை ஓரத்தில் போட்டுப் பாருங்கள். அதற்கு மெய்மூலங்கள் இருந்தால் தப்பு கழித்தலில்தான். 20 நிமிடத்தில் முடிக்க வேண்டிய கேள்வியில் இது 10 நிமிடத்தைக் காப்பாற்றும்.

எட்டாம் நாள் முதல் பதினொன்றாம் நாள் வரை எல்லா வகையும் கலந்து. தினமும் ஒரு மதிப்பெண் 10, இரண்டு மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 4. இனி 1, 3, 8 நிமிடக் கணக்கு கறார். மொத்தம் 60 நிமிடம் ஆகும். மீதி அரை மணி திருத்த. புத்தகத்தின் பயிற்சித் தலைப்பு தெரியாதபடி கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பது நல்லது. தலைப்பு தெரிந்தால் முறையும் தெரிந்துவிடும், தேர்வில் அந்த வசதி கிடையாது. உளவியலாளர் டக் ரோரரும் உடன் ஆய்வாளர்களும் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். பயிற்சிக்கு மறுநாள் வைத்த தேர்வில் கலந்து பழகியவர்கள் 80%, வகைவாரியாகப் பழகியவர்கள் 64%. ஒரு மாதம் கழித்து வைத்ததில் 74%, 42%.

கலந்து போடும்போது முதலில் மதிப்பெண் குறையும். பயப்பட வேண்டாம், முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் இப்போது உங்கள் தலையில் ஏறியிருக்கிறது. 2x² − 7x + 5 = 0 என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலங்களின் தன்மை கேட்டால் தன்மைகாட்டி 49 − 40 = 9 என்பதோடு வேலை முடிந்தது: மெய், சமமில்லை. α² + β² கேட்டால் மூலங்களைத் தேடக் கூடாது; α + β = 7/2, αβ = 5/2, ஆகவே 49/4 − 5 = 29/4. இங்கே மூலங்கள் 1, 5/2 என்று சுலபமாக வருவதால் சுற்றுவழியும் பலிக்கும். முதல் கெழு 2 இல்லாமல் 1 ஆக இருந்தால் √29 வந்து மூன்று நிமிடமும் கரையும். குறியும் கவனம்: b என்பது −7, அதனால் −b/a என்பது +7/2. மிகப் பலர் −7/2 எழுதுகிறார்கள். வர்க்கம் எடுத்தால் விடை சரியாகவே வந்துவிடும், ஆனால் α³ + β³ வந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாட்களில் முழுத் தாள், மூன்று மணி நேரம், தேர்வு நடக்கும் அதே நேரத்தில். நான்கு நிமிடம் தாண்டிய இரண்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் கடைசி நாளுக்கு எடுத்து வையுங்கள். பதினான்காம் நாள் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். எடுத்து வைத்தவையும், ஓரத்தில் குறித்த வரிகளும் போதும். அந்த வரியிலிருந்து மட்டும் மறுபடி எழுதிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.