ஆய்வக நோட்டின் படத்தை சாட்பாட்டுக்கு அனுப்பலாமா?

உயிர்வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் சென்ற வாரம் எனக்கு எழுதிய கடிதம் இது. பெயரை மட்டும் எடுத்துவிட்டு அவர் சம்மதத்தோடு தருகிறேன்.

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் ஆய்வக நோட்டில் மூன்று பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 14ஆம் பக்கத்தில் அமில கார டைட்ரேஷன் அளவீடுகள். 22ஆம் பக்கத்தில் எங்கள் வகுப்பில் ஆறு பேர் குளுக்கோஸ் குடித்த பிறகு அரை மணிக்கு ஒரு முறை எடுத்த இரத்தச் சர்க்கரை அளவுகள். 31ஆம் பக்கத்தில் ஆய்வு மாணவர் ஒருவருக்கு உதவியாக நான் செய்த நொதி சுத்திகரிப்பு. என் கையெழுத்து எனக்கே புரிவதில்லை. சாட்பாட்டிடம் படத்தைக் கொடுத்தால் அழகாக அட்டவணை போட்டுத் தருகிறது. அப்படிக் கொடுப்பது விதிக்கு உட்பட்டதா? கூடாது என்றால் ஏன் என்றும் சொல்லுங்கள். பின்குறிப்பு: 22ஆம் பக்கத்தை நேற்று இரவே அனுப்பிவிட்டேன்."

பின்குறிப்பு எழுதிய நேர்மைக்காகவே இந்தக் கடிதத்துக்கு விரிவான பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒரே நோட்டுதான், ஆனால் மூன்று பக்கங்களுக்கும் மூன்று வேறு பதில்கள். "ஆய்வக நோட்டை அனுப்பலாமா" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாததும் இதனால்தான். பக்கத்தில் இருப்பது யாருடைய தகவல், அதை வெளியே கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று பார்த்தால் பதில் தானாக வந்துவிடும்.

14ஆம் பக்கத்தில் தொடங்குவோம். டைட்ரேஷன் என்பது எல்லாப் பாடநூலிலும் உள்ள பயிற்சி. அதில் இரகசியம் எதுவும் இல்லை, யாருடைய உடல்நிலையும் இல்லை. இங்கே பொருந்துவது பாடத்தின் மதிப்பீட்டு விதி மட்டும்தான். கணக்கிடுவதும் முடிவை எழுதுவதும் மாணவரே செய்ய வேண்டிய வேலை என்று பாடக் குறிப்பில் இருந்தால், அட்டவணை போடுவதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் நான் அனுமதிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: மதிப்பெண் மூல நோட்டுக்குத்தான், அச்சு அட்டவணைக்கு அல்ல. அட்டவணையின் கீழே "14ஆம் பக்கத்திலிருந்து கருவி மூலம் தட்டச்சு செய்யப்பட்டது, நான் ஒப்பிட்டுப் பார்த்தேன்" என்ற வரியும் தேதியும் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைக்கான காரணம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் 20.0 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை பிப்பெட்டில் எடுத்து, 0.100 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை பியூரெட்டிலிருந்து சேர்த்திருக்கிறார். முதல் முறை செலவானது 22.45 மி.லி. இரண்டாவது முறை 22.80 என்று எழுதிவிட்டு, பியூரெட்டை மறுபடி பார்த்து, அதை ஒற்றைக் கோட்டால் அடித்து மேலே 22.40 என்று எழுதிக் கையெழுத்தின் முதலெழுத்தையும் போட்டிருக்கிறார். நோட்டு விதிப்படி இது சரியான திருத்தம்: பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும், வெள்ளை மை கூடாது. மூன்றாவது முறை 22.40.

என் முன்னால் அவர் கருவிக்குக் கொடுத்துக் காட்டியபோது இரண்டாம் வரிசையில் 22.80 வந்தது. கருவிக்கு அடித்தல் கோடு ஓர் அழுக்குக் கீறல். மேலே சிறியதாக இருந்த 22.40 அதன் கண்ணுக்கு ஏதோ ஓரக்குறிப்பு. அட்டவணை மிகச் சுத்தமாக இருந்தது. சராசரி 22.55 என்று கீழே கணக்கும் போட்டிருந்தது. உண்மையான சராசரி 22.42. காரக் கரைசலின் செறிவு 0.112 மோலார் வர வேண்டிய இடத்தில் 0.113 என்று வந்துவிடும். பார்ப்பதற்கு மூன்றாம் தசம இடத்தில் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் பிழை அளவிட்டவருடையது அல்ல, படி எடுத்த கருவியுடையது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒத்த அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் அமைய வேண்டும் என்பது நாம் ஆய்வகத்தில் வைத்திருக்கும் கணக்கு, 22.80 அதில் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. இரண்டாவது, 0.1 மி.லி. கோடுகள் போட்ட 50 மி.லி. பியூரெட்டை நாம் கோட்டுக்குப் பாதி வரைதான் மதிப்பிட்டுப் படிக்கிறோம், ஆகவே கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆகத்தான் இருக்கும். அட்டவணையில் 22.43 என்று ஓர் எண்ணைப் பார்த்தால் அது உங்கள் கண் பார்த்த எண் அல்ல, எங்கிருந்தோ வந்தது. இதைவிட ஆபத்தானது, மற்ற எண்களோடு ஒட்டும்படி கருவி ஓர் எண்ணை நைசாகச் சரிசெய்துவிடுவது. அப்போது மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் ஏமாந்துபோகும். வரிக்கு வரி விரல் வைத்து மூல நோட்டோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு மாற்று இல்லை. பத்து வரிக்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் நீங்களே தட்டச்சு செய்துவிடலாமே என்று யாராவது கேட்டால், நான் மறுக்க மாட்டேன்.

22ஆம் பக்கம் முற்றிலும் வேறு. ஆறு மாணவர்களின் வரிசை எண்கள், வயது, அவர்கள் இரத்தச் சர்க்கரை. ஒருவருக்கு இரண்டு மணி நேரம் கழிந்த பிறகும் அளவு இறங்கவே இல்லை. அந்த எண்ணுக்கு மருத்துவ அர்த்தம் உண்டு. அது அவருடைய உடல்நலத் தகவல். நோட்டு எழுதியவர் இந்த மாணவிதான் என்றாலும் தகவலுக்குச் சொந்தக்காரர் அவர் அல்ல. அந்தச் சோதனைக்கு முன்பு ஆறு பேரும் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். அதில், முடிவுகளை இந்த வகுப்பும் ஆசிரியரும் மட்டுமே பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. சாட்பாட்டை நடத்தும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, சம்மதம் கொடுத்தவர்கள் மறுபடி சம்மதிக்காமல் அனுப்புவது விதிமீறல்தான்.

பெயர் இல்லை, வரிசை எண் மட்டும்தானே என்று சிலர் கேட்பார்கள். அந்த எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்கும் பட்டியல் கைக்கு எட்டும்படி இருக்கும் வரை அது தனிநபர் தகவல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. வகுப்புப் பட்டியல் எங்கே இருக்கிறது? கதவில் ஒட்டியிருக்கிறது.

உதவி தேவைப்பட்டால் வழி இருக்கிறது. படத்தை அனுப்பாதீர்கள். அ, ஆ என்று புதிய பெயர் வைத்து, வரிசையையும் கலைத்து, வயதை விட்டுவிட்டு, எண்களை மட்டும் தட்டச்சு செய்து, வரைபடம் எப்படிப் போடுவது என்று கேளுங்கள். ஆறே பேர் உள்ள சிறு குழுவில் இதுகூட முழுப் பாதுகாப்பு அல்ல என்பதால், நான் இன்னும் ஒரு படி போய், கற்பனை எண்களைக் கொடுத்து முறையைக் கற்றுக்கொண்டு, உண்மையான எண்களுக்கு நீங்களே வரைந்துவிடச் சொல்வேன்.

31ஆம் பக்கத்துக்குப் பதில் சுருக்கமானது: அனுப்பக் கூடாது, அனுமதி கொடுக்கும் அதிகாரம் எனக்கும் இல்லை. அது வெளியிடப்படாத ஆய்வு. ஆய்வுத் திட்டத்தின் நோட்டு பொதுவாக நிறுவனத்துக்கும் ஆய்வை நடத்துபவருக்கும் உரியது. எழுதும் கை நம்முடையதாக இருப்பதால் உரிமை நம்முடையதாகிவிடாது. நாளை அந்த நொதி முறைக்குக் காப்புரிமை கேட்க நேர்ந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 54ஆம் பிரிவின்படி, விண்ணப்பத் தேதிக்கு முன்பே பொதுவில் கிடைத்த எதுவும் புதுமை ஆகாது. அமெரிக்கச் சட்டம் கண்டுபிடித்தவர் வெளியிட்டதற்கு ஓராண்டு அவகாசம் தருகிறது; ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. ஒரு சாட்பாட்டில் போட்டதாலேயே அது "பொதுவில் கிடைத்தது" ஆகிவிடாதுதான். ஆனால் இரகசியம் காப்பதாக உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்காத ஒருவர் கையில் ஒரு படி போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள். தேவை இருந்தால் ஆய்வை நடத்துபவரிடம் எந்தப் பக்கம், எந்தக் கருவி, யார் கணக்கு என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நிறுவனமே ஒப்பந்தம் போட்டு வாங்கிய கணக்கும் நாம் கைபேசியில் திறந்துகொண்ட இலவசக் கணக்கும் ஒன்றல்ல. முன்னதில் உள்ளீடுகளைக் கருவியின் பயிற்சிக்கு எடுக்க மாட்டோம் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இருக்கலாம். பின்னதில் பெரும்பாலும் அமைப்புகளுக்குள் போய் அப்படி எடுப்பதை நாமே அணைத்து வைக்க வேண்டும்.

படம் என்பது பக்கத்தை மட்டும் எடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 14ஆம் பக்கத்தின் படத்தில் இடது ஓரத்தில் 13ஆம் பக்கத்தின் பாதி தெரிகிறது. மேசையில் கூட்டாளியின் அடையாள அட்டை. கைபேசி, எடுத்த இடத்தையும் நேரத்தையும் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்திருக்கக்கூடும். மறைக்க வேண்டியதைப் படம் எடுக்கும் முன்பே வெள்ளைத் தாளால் மூடுங்கள். எடுத்த பிறகு கைபேசியில் கறுப்புப் பட்டை போடுவதை நான் நம்புவதில்லை: ஹைலைட்டர் போன்ற தூரிகையால் பூசிவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எழுத்து தெரிவதைப் பார்த்திருக்கிறேன். இடத் தகவல் போக வேண்டுமென்றால் படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்பினால் போதும். புதிய கோப்பில் கேமரா எழுதிய இடக்குறிப்பு இருக்காது.

இனி, அந்தப் பின்குறிப்பு. ஏற்கெனவே போய்விட்ட பக்கத்துக்கு நாங்கள் செய்தது இதுதான். முதலில் அந்த உரையாடலை நீக்கினோம். நீக்கினாலும் பல கருவிகளில் சில வாரங்கள் வரை படி அவர்கள் கணினியில் இருக்கும் என்பதால், நீக்கியதை முடிவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு திறந்திருந்ததா என்று பார்த்தோம், திறந்திருந்தது, அணைத்தோம். அது இனி வருவதற்குத்தான் பயன்படும். பிறகு எந்தப் படம், எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கணக்கு என்று நான்கு வரி எழுதி, நெறிமுறைக் குழுவிடம் நான் கொடுத்தேன்.

ஆறு பேரிடமும் அந்த மாணவியே நேரில் போய்ச் சொன்னார். ஐந்து பேர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சர்க்கரை இறங்காத அந்த ஒருவர் மட்டும் தன் வரியை நோட்டிலிருந்தே எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். நோட்டில் எதையும் கிழிக்க முடியாது. ஆனால் அவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். படிவத்தின் கடைசி வரியில் அது இருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் "நான்காம் நபர் விலகினார், கணக்கில் சேர்க்கவில்லை" என்று தேதியோடு எழுதி, ஐந்து பேருக்கு வரைபடத்தைத் திரும்ப வரையச் சொல்லியிருக்கிறேன்.